பன்னிரண்டு நாள் பாக்கி

290, 272, 301, 281, 266, 294, 283, 288, 302, 276, 284, 279.

இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடைக்கு அடுத்தடுத்துப் பன்னிரண்டு நாட்கள் வந்த ஆர்டர்கள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை என் கற்பனை. ஆனால் எண்கள் உண்மையான கடைகளில் எப்படி ஏறி இறங்குமோ அப்படியே ஏறி இறங்குகின்றன. வழக்கமாக நாளொன்றுக்கு 300 ஆர்டர் வரும் கடை இது. இந்தப் பன்னிரண்டு நாட்களில் ஏதாவது கோளாறு தெரிகிறதா?

கடைக்காரர் தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து முந்தைய நாள் எண்ணைப் பார்ப்பார். 290 என்றால், சரி, பத்து குறைவு, அதனாலென்ன. 272 என்றால், நேற்று நல்ல மழை, கரண்ட் போயிருக்கும். 301 வந்ததும் மனசு லேசாகிவிடும். 266 வரும் நாளில், மாதக் கடைசி, யார் கையில் காசு இருக்கிறது என்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். ஒவ்வொரு சமாதானமும் அந்த ஒரு நாளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

இந்தப் பன்னிரண்டு நாட்களையும் கூட்டினால் 3,416 வருகிறது. வந்திருக்க வேண்டியது 3,600. முதல் நாளிலேயே கடையில் ஏதோ உடைந்துவிட்டது. அன்றிலிருந்து நாளுக்குச் சராசரியாகப் பதினைந்து ஆர்டர் ஓசையில்லாமல் கழன்றுகொண்டிருக்கிறது.

இணைய வணிகத்தில் இருப்பவர்கள் தினமும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது கன்வர்ஷன் ரேட் என்ற எண்ணை. கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் அது. நம் கடைக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். 300 பேர் வாங்கினால் அது 3 சதவீதம். உடைந்த பிறகு ஏறத்தாழ 2.85. திரையில் பார்த்தால் 3.0 என்பது 2.8 அல்லது 2.9 ஆகியிருக்கும். அதைப் பார்த்து யாரும் தூக்கம் கெட மாட்டார்கள்.

பெரும்பாலான கடைகளில் காவலுக்கு ஓர் எல்லைக்கோடு போட்டிருப்பார்கள். ஆர்டர் இத்தனைக்குக் கீழே போனால் எனக்கு மெசேஜ் அனுப்பு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவைப்பது. அந்த 'இத்தனை' எவ்வளவு என்பதில்தான் சிக்கல். கடையில் எந்தக் குறையும் இல்லாத நாட்களிலும் ஆர்டர் அச்சடித்தாற்போல் 300 வராது. பத்தாயிரம் பேர் தனித்தனியே முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் வாங்குவதற்கு நூற்றில் மூன்று வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவது போன்ற இந்த ஆட்டத்தில் நாளுக்கு நாள் வரும் தள்ளாட்டத்தை அளக்கப் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று ஓர் அளவு உண்டு. நம் கடைக்கு அது 17 ஆர்டர். அதாவது மூன்று நாளில் இரண்டு நாள் 283-க்கும் 317-க்கும் இடையே வரும், மீதி நாட்களில் அதற்கு வெளியே போகும். எதுவும் கெடாமலேயே.

எனவே 290-ல் கோடு போட்டால் நாலு நாளுக்கு ஒருமுறை போன் அலறும். இரண்டு வாரத்தில் அதை யாராவது மியூட் செய்துவிடுவார்கள். அதனால் கோட்டைத் தள்ளிப் போடுகிறார்கள். வழக்கமாகத் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி. மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. நம் கடைக்குக் கோடு 250-ல் விழுகிறது. நல்ல நாட்களில் ஆர்டர் 250-க்குக் கீழே போவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் உண்டு. நிம்மதியான காவல்.

கடையில் உண்மையாகவே உடைசல் வந்து, நாளுக்கு 285 என்று ஆன பிறகு இந்தக் கோடு என்ன செய்யும்? 285-ஐச் சுற்றித் தள்ளாடும் எண் 250-க்குக் கீழே விழ நூறில் ஒன்றரை, ஒன்றேமுக்கால் வாய்ப்புதான் இருக்கிறது. சராசரியாக அறுபது நாள் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் பட்டியலை மறுபடி பாருங்கள். அதில் மிகக் குறைந்த எண் 266. கோட்டின் பக்கத்தில்கூட அது வரவில்லை.

இன்னொரு பழைய உபாயம் உண்டு. தொடர்ந்து எட்டு நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கலாம் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் பட்டியலில் மூன்றாம் நாள் 301 வந்து வரிசையை உடைக்கிறது, ஒன்பதாம் நாள் 302 வந்து மறுபடியும் உடைக்கிறது. ஒரே ஓர் ஆர்டர், இரண்டு ஆர்டர் கூடுதலாக வந்ததால், அதற்கு முன்னால் சேர்ந்திருந்த அத்தனை சாட்சியமும் அழிந்துபோகிறது.

எல்லைக்கோட்டுக்கு ஞாபகம் கிடையாது. இன்றைய எண்ணைக் கையில் எடுக்கிறது, கோட்டோடு ஒப்பிடுகிறது, கீழே போட்டுவிடுகிறது. நேற்றும் குறைந்தது, முந்தாநாளும் குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் தெருமுனை மளிகைக்கடையில் வைத்திருப்பதைப் போல ஒரு பாக்கி நோட்டு வேண்டும்.

அந்த நோட்டை எழுதும் முறைதான் க்யூசம். கூட்டிக்கொண்டே போகும் தொகை என்பதற்கான ஆங்கிலப் பெயரின் சுருக்கம். எழுதும் விதி இரண்டு வரிதான். தினமும் 292-லிருந்து அன்றைய ஆர்டரைக் கழிக்க வேண்டும். வந்த விடையை நேற்றைய பாக்கியோடு சேர்க்க வேண்டும். பாக்கி பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். பாக்கி 80-ஐத் தாண்டிய அன்று மணி அடிக்க வேண்டும். 292, 80 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் நோட்டை எழுதிப் பார்த்துவிடுவோம்.

உடைவதற்கு முந்தைய ஆறு நாள் ஆர்டர்கள் 311, 287, 305, 298, 279, 316 என்று இருக்கட்டும். முதல் நாள் 311, பாக்கி பூஜ்யம். இரண்டாம் நாள் 287. 292-க்கு ஐந்து குறைவு, பாக்கி 5. மூன்றாம் நாள் 305; பதின்மூன்று கூடுதல், ஐந்தை அடைத்தது போக மீதி இருக்கிறது. அந்த மீதியை வரவு வைப்பதில்லை. பூஜ்யம். நான்காம் நாளும் பூஜ்யம். ஐந்தாம் நாள் 279 வந்து பாக்கி 13 ஆகிறது. ஆறாம் நாள் 316 வந்து அது அடைந்துபோகிறது. பாக்கி ஏறுகிறது, இறங்குகிறது, திரும்பத் திரும்பப் பூஜ்யத்துக்கு வருகிறது. ஆரோக்கியமான கடையின் நோட்டு இப்படித்தான் இருக்கும்.

ஏழாம் நாள் உடைகிறது. அன்று 290, பாக்கி 2. மறுநாள் 272, பாக்கி 22. அடுத்து 301 வந்து ஒன்பதைக் கழிக்கிறது, பாக்கி 13. கவனியுங்கள், 301 பழைய சாட்சியத்தை அழிக்கவில்லை, கொஞ்சம் குறைத்தது, அவ்வளவே. பிறகு 24, 50, 48, 57, 61 என்று போகிறது. பதினைந்தாம் நாள் 302 வந்து 51-க்கு இறக்குகிறது. பதினாறில் 67, பதினேழில் 75. பதினெட்டாம் நாள் ஆர்டர் 279. பாக்கி 88. மணி அடிக்கிறது.

அந்தப் பதினெட்டாம் நாளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 279 என்பது உடைவதற்கு முன் ஐந்தாம் நாள் வந்த அதே எண். அன்று யாரும் கவலைப்படவில்லை, கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை.

பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி ஏன்? அது இல்லாவிட்டால் நல்ல நாட்களில் கூடுதலாக வந்தவை எல்லாம் முன்பணம்போல் சேர்ந்துகொண்டே போகும். மூன்று மாதம் நன்றாக ஓடிய கடையில் பாக்கி கழித்தல் 700-ல் நிற்கும். பிறகு உடைந்தால் அந்த 700-ஐத் தின்று முடித்த பிறகே எச்சரிக்கை வரும். நேற்றைய நல்ல காலம் இன்றைய திருட்டை மறைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தரை.

இனி 292. வழக்கம் 300 என்றால் 300-லிருந்துதானே கழிக்க வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நல்ல நாட்களில் குறைவும் கூடுதலும் சமமாக வரும். பாக்கியை எந்தப் பக்கமும் எதுவும் இழுக்காது. குடித்தவன் நடைபோல அது அலைந்து அலைந்து, கடையில் ஒரு குறையும் இல்லாதபோதே ஒருநாள் 80-ஐத் தொட்டுவிடும். எனவே நமக்குக் கவலை தரும் சரிவு எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். 285-க்கு இறங்கினால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்கிறார் கடைக்காரர். 300-க்கும் 285-க்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது 292. கடை நன்றாக இருக்கும்போது பாக்கியை நாளுக்குச் சராசரியாக எட்டு கீழே இழுக்கும். உடைந்தபின் நாளுக்குச் சராசரியாக ஏழு மேலே தள்ளும். இரண்டு உலகங்களிலும் நோட்டு எதிரெதிர்த் திசையில் நடக்கிறது. இந்த முறையின் சூட்சுமமெல்லாம் இந்த நடுப்புள்ளியில்தான் இருக்கிறது.

80 எப்படி வந்தது என்பது பேரம். நாளுக்கு ஏழு ஏறினால் 80-ஐ எட்டப் பதினோரு நாளுக்குமேல் ஆகும். முறையாகக் கணக்குப் போட்டாலும் சராசரி பதினோரு நாள் என்றே வருகிறது. நம் பட்டியலில் பன்னிரண்டு ஆனது. எதுவும் உடையாத கடையில் 80 என்ற வரம்பு பொய்யாக மணி அடிப்பது சுமார் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை. வரம்பை 60-க்கு இறக்கினால் சீக்கிரம் தெரியும், பொய் எச்சரிக்கையும் கூடும். 100-க்கு ஏற்றினால் மறுபக்கம். 250 என்ற எல்லைக்கோடும் ஏறத்தாழ இதே அளவுதான் பொய் சொல்லும் என்று பார்த்தோம். ஒரே அளவு பொய்க்கு அது அறுபது நாள் எடுத்துக்கொள்கிறது, இது பதினொன்று. எண்களும் அதேதான், ஆர்டர்களும் அதேதான். ஞாபகம் மட்டுமே வித்தியாசம்.

எக்செல் தெரிந்தவர்கள் இதை இன்றே போட்டுப் பார்க்கலாம். A வரிசையில் அன்றன்று வந்தவர்கள், B வரிசையில் ஆர்டர்கள், C1-ல் பூஜ்யம். C2-ல் இதை எழுதிக் கீழே இழுத்துவிட வேண்டியதுதான்:

```
=MAX(0, C1 + A2*0.0292 - B2)
```

இங்கே 292 என்பதற்குப் பதில் வந்தவர்களில் 2.92 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். தினமும் சரியாகப் பத்தாயிரம் பேர் வரும் கடை கதையில்தான் உண்டு.

எல்லைக்கோட்டு முறையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. 1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தொலைபேசிக் கருவிகளின் தரத்தைக் காக்க வால்டர் ஷூவார்ட் அதை உருவாக்கினார். தொழிற்சாலைகளின் முகத்தையே அது மாற்றியது. பெரிய உடைசலைப் பிடிக்க இன்றும் அதுதான் வேகமானது. ஒரே நாளில் ஆர்டர் 240-க்கு விழுந்தால் எல்லைக்கோடு அன்றே கூப்பிடும். பாக்கி நோட்டில் அன்று 52 மட்டுமே ஏறியிருக்கும், மறுநாள்தான் 80-ஐத் தாண்டும். எனவே இரண்டையும் வைத்துக்கொள்பவர்களே விவரமானவர்கள்.

சிறிய, ஆனால் விடாமல் நீடிக்கும் மாற்றத்தைப் பிடிக்க 1954-ல் பிரிட்டன் புள்ளியியலாளர் இ. எஸ். பேஜ், பயோமெட்ரிகா என்ற ஆய்விதழில் இந்தக் கூட்டுத்தொகை முறையை முன்வைத்தார். அவர் மனதில் இருந்ததும் தொழிற்சாலைதான். கன்வர்ஷன் என்ற பேச்சே அன்று இல்லை. கேரி லார்டன் 1971-ல் ஒரு பாதியையும், ஜார்ஜ் மூஸ்டகிடிஸ் 1986-ல் மறுபாதியையும் கணித ரீதியாக நிறுவினார்கள். பழைய அளவும் புதிய அளவும் தெரிந்திருக்கும்போது, பொய் எச்சரிக்கையின் இடைவெளியை இவ்வளவு என்று கட்டிவைத்துவிட்டால், மோசமான சூழ்நிலையில் சராசரித் தாமதம் இதைவிடக் குறைவாக இருக்கும்படி எந்த முறையும் அமைக்க முடியாது என்பது அந்த முடிவு. இரண்டு வரி விதிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்க முப்பத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இவ்வளவு எளிது என்றால் எல்லோரும் ஏன் இதை நிம்மதியாக வைத்துக்கொண்டிருக்கவில்லை? காரணம், நோட்டு எழுதுவது எளிது. எதோடு ஒப்பிட்டு எழுதுவது என்பது எளிதல்ல.

நான் பார்த்தவற்றில் மிகச் சாதாரணமான தவறு இது. வழக்கம் 300 என்பதை யார் சொல்வது? கடந்த நான்கு வாரச் சராசரியைக் கம்ப்யூட்டரே தினமும் கணக்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். புத்திசாலித்தனமாகத்தான் தெரியும். ஆனால் உடைந்த ஒவ்வொரு நாளும் அந்தச் சராசரிக்குள் நுழைந்து அதைக் கொஞ்சம் கீழே இழுக்கிறது. இரண்டு வாரத்தில் வழக்கம் 292 என்கிறது. நான்கு வாரத்தில் 285-தான் வழக்கம் என்கிறது. அதற்குமேல் நோட்டில் பாக்கியே ஏறாது. போன வாரம் இதே கிழமையோடு ஒப்பிடும் பழக்கம் இன்னும் மோசம். ஏழே நாள் வித்தியாசம் காட்டும், எட்டாம் நாளிலிருந்து உடைசலை உடைசலோடு ஒப்பிட்டு எல்லாம் நலம் என்று சொல்லும். ஒப்பிடும் அளவை, கடை நன்றாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு காலத்திலிருந்து எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். அதை மாற்றுவதாக இருந்தால் ஒரு மனிதர் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு மாற்ற வேண்டும்.

அடுத்தது அந்த 17. பத்தாயிரம் பேரும் தனித்தனியே நாணயம் சுண்டுகிறார்கள் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. நிஜக் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவு வாங்குவார்கள், செவ்வாய்க்கிழமை வேறு அளவு. மழை, கிரிக்கெட், சம்பள நாள் எல்லாம் எல்லோரையும் ஒரே திசையில் தள்ளும். அதனால் நிஜத் தள்ளாட்டம் எப்போதும் ஏட்டுக் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். அது 25 என்று வையுங்கள். அப்போது 80 என்ற வரம்பு ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை பொய் சொல்லாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொல்லும். பழைய அமைதி வேண்டுமென்றால் வரம்பை 155-க்கு ஏற்ற வேண்டும். 285-க்கான சரிவைக் கண்டுபிடிக்க அப்போது சுமார் இருபது நாள் ஆகும். அதனால் நோட்டுத் தொடங்குமுன் அமைதியான இரண்டு மூன்று மாதத்து எண்களை எடுத்துத் திட்ட விலக்கத்தை நேரடியாகவே அளந்துவிடுவது நல்லது. கிழமைக்குக் கிழமை மாறும் பகுதியை, ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனி வழக்க அளவு வைத்துக் கழித்துவிடலாம். தீபாவளியைக் கழிக்க முடியாது. அந்த மூன்று வாரம் நோட்டை மூடிவைப்பதே நேர்மை.

வந்தவர்கள் எண்ணிக்கையும் ஏமாற்றும். புதிதாக ஒரு விளம்பரம் போட்டதில் வேடிக்கை பார்க்க இரண்டாயிரம் பேர் கூடுதலாக வந்தார்கள், வாங்கியவர்கள் அதே 300 என்றால், பாக்கி அன்று ஒரே நாளில் ஐம்பது ஏறும். இரண்டாம் நாள் மணி அடிக்கும். கடையில் ஓர் ஆர்டர்கூடக் குறையவில்லை. கூட்டத்தின் தன்மை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பிரித்தறிய, விளம்பரம் வழியாக வந்தவர்களுக்கு ஒரு நோட்டு, தானாக வந்தவர்களுக்கு ஒரு நோட்டு என்று வைப்பார்கள். இதிலும் ஓர் அளவு வேண்டும். ஊர்வாரியாக, போன்வாரியாக, வங்கிவாரியாக ஐம்பது நோட்டுப் போட்டால், ஒவ்வொன்றும் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை பொய் சொன்னாலும், மொத்தத்தில் பதினோரு நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று அலறும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரை அலைக்கழித்தது. இன்று பார்த்துவிட்டு நாளை வாங்குபவர்கள் உண்டு. சேலைக்கு நிச்சயம் உண்டு, வீட்டில் நாலு பேரிடம் படத்தைக் காட்ட வேண்டும். அந்த ஆர்டரை வந்த நாளின் கணக்கில் எழுதும் மென்பொருள்களில் நேற்றைய எண் எப்போதும் அரைகுறையாகவே இருக்கும். அதை அப்படியே நோட்டில் ஏற்றினால் இல்லாத பாக்கி தெரியும். இரண்டு நாள் ஆறவிட்டு எழுத வேண்டும். பன்னிரண்டு நாள் பதினான்கு ஆகும், பரவாயில்லை.

சிறிய கடைக்கு இது எவ்வளவு உதவும் என்று கேட்டால் கொஞ்சம் கசப்பான பதில்தான் உண்டு. தினம் ஐந்நூறு பேர் வந்து பதினைந்து பேர் வாங்கும் கடையில் இதே ஐந்து சதவீதச் சரிவு என்பது நாளுக்கு முக்கால் ஆர்டர். தள்ளாட்டமோ கிட்டத்தட்ட நான்கு. வரம்பை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும், ஒன்றரை வருடத்துக்கு ஒரு பொய் என்ற அதே பேரத்தில், கண்டுபிடிக்க மூன்று மாதத்துக்குப் பக்கமாகிவிடும். எண்களில் இல்லாத செய்தியை எந்த நோட்டாலும் கறக்க முடியாது. அப்படிப்பட்ட கடைக்காரர் இருபது சதவீதச் சரிவுக்கு நோட்டை அமைத்துக்கொண்டு, சின்னச் சரிவுகளுக்கு வாரம் ஒருமுறை தானே தன் கடையில் ஒரு சேலை வாங்கிப் பார்ப்பது மேல்.

சேலைக் கடைக்குத் திரும்புவோம். பதினெட்டாம் நாள் இரவு மணி அடித்தாயிற்று. எல்லைக்கோட்டு எச்சரிக்கையாக இருந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது நேற்று என்ன மாறியது என்பதைத்தான். நேற்று எதுவும் மாறவில்லை. பாக்கி நோட்டில் வேறொரு தகவல் இலவசமாகக் கிடக்கிறது. பாக்கி கடைசியாகப் பூஜ்யத்தில் இருந்தது எந்த நாள் என்று பின்னால் புரட்டிப் பார்த்தால் ஆறாம் நாள். எனவே உடைந்தது ஏழாம் நாள், அல்லது அதை ஒட்டி. எவ்வளவு உடைந்தது என்பதும் தெரிகிறது. பன்னிரண்டு நாளில் 88 பாக்கி என்றால் நாளுக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு. 292-லிருந்து அதைக் கழித்தால் ஏறத்தாழ 285. இந்தக் கணிப்பு இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். ஆனால் பதினெட்டு நாள் குப்பையைக் கிளறுவதற்கும் ஏழாம் தேதியை ஒட்டிய நான்கு நாளைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஏழாம் நாள் காலையில் கடையின் ஆப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. யார் போனிலும் அது நின்றுபோகவில்லை, பிழை என்று எதுவும் பதிவாகவில்லை. இப்போது தேதி தெரிந்துவிட்டதால், பன்னிரண்டு நாள் ஆர்டர்களையும் போன் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கடையில் ஐந்தில் ஒரு பங்கு. நாளுக்கு 60 ஆர்டர். பன்னிரண்டு நாளில் அவர்களிடமிருந்து 720 வந்திருக்க வேண்டும், வந்தது 541. மற்ற எல்லோரிடமிருந்தும் வர வேண்டியது 2,880, வந்தது 2,875. காணாமல் போன 184-ல் 179 ஒரே இடத்தில் கிடக்கிறது.

சின்னச் சரிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எல்லோருக்கும் ஐந்து சதவீதம் கெட்டிருக்காது. ஒரு சிலருக்குக் கால்வாசி கெட்டிருக்கும், சராசரி அதைக் கரைத்துக் காட்டும். பழைய போன் ஒன்றைத் தேடிப் பிடித்து, யுபிஐ வழியாகப் பணம் கட்டிப் பார்த்தபோது விஷயம் புரிகிறது. பணம் கட்டும் ஆப்புக்குப் போய்விட்டுக் கடைக்குத் திரும்பினால் திரை வெள்ளையாக நிற்கிறது. பொறுமைசாலிகள் மறுபடி திறந்து வாங்கியிருக்கிறார்கள். நாலில் ஒருவர் போய்விட்டார். சர்வரைப் பொறுத்தவரை அது பணம் கட்டாமல் விட்ட வழக்கமான ஆர்டர்களில் ஒன்று.

சேலை சராசரி 1,200 ரூபாய் என்றால் 184 ஆர்டருக்கு 2,20,800 ரூபாய். அறுபது நாள் ஓடியிருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இருபதாம் நாள் திருத்திய ஆப் வெளியானது. நோட்டில் பழைய பாக்கியை அடித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். 300 என்ற வழக்க அளவில் கைவைக்கவில்லை. அடுத்த ஐந்து நாள் ஆர்டர்கள் 304, 289, 312, 297, 308. பாக்கி 0, 3, 0, 0, 0.